“ஆறிய பின் வைக்கவும்”: ஓர் எலும்புச் சாற்றுக் கிடாரத்தின் 15 மணித்தியாலம்

எங்கள் சமையலறைச் சுவரில், பெரிய பிரிட்ஜுக்குப் பக்கத்தில், நான் எழுதி ஒட்டிய ஒரு தாள் ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தது. அதில் இருந்தது ஒரே வரி: “இறைச்சிச் சாறு நன்றாக ஆறிய பின் மூடி, பெயர் எழுதி, பிரிட்ஜில் வைக்கவும்.” அந்த வரியை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். கடைப்பிடித்தபடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு பேருக்கு வயிற்றோட்டம் வந்தது.

நான் யாழ்ப்பாண நகருக்குள் நாற்பது பேர் இருந்து சாப்பிடக்கூடிய ஒரு உணவகத்தில் முகாமையாளர். ஆட்டெலும்புச் சாறு எங்களுக்கு அன்றாடத் தேவை. சூப்புக்கும் அதுதான், பிரியாணிக்கும் அதுதான், கொத்து ரொட்டிக்கு விடும் குழம்பை இளக்குவதற்கும் அதுதான். சமையலறையில் எல்லோரும் அதை ‘ஸ்டொக்’ என்றே சொல்வார்கள். என்ன நடந்தது, அந்தத் தாளில் என்ன பிழை இருந்தது, அதற்குப் பதிலாக இப்போது என்ன ஒட்டியிருக்கிறது என்பதை இங்கே எழுதுகிறேன்.

நடந்தது

சனிக்கிழமை இரவு 24 லீற்றர் ஸ்டொக், அலுமினியக் கிடாரத்தில். அடுப்பை நிறுத்தியது 10.15 அளவில். இந்த நேரத்தைப் பிறகு ஆளாளுக்குக் கேட்டு, கடைசிக் கொத்து ரொட்டி பில்லோடு ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பெரிய சமையல்காரர் கிடாரத்தை இறக்கி மேசையில் வைத்து, மூடியை இறுக்கி மூடினார். அவர் அப்படிச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் கூரைப் பக்கம் பல்லி ஓடும். திறந்த சட்டியில் பல்லி விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம் இல்லாத சமையல்காரரே இல்லை. 11.30 மணிக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

காலை 6.30 மணிக்கு உதவிக்கு நிற்கும் தம்பி வந்தார். கிடாரத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். “கை வைக்கக்கூடியமாதிரி இருந்தது அண்ணை, ஆறிட்டுது எண்டுதான் உள்ளுக்கு வைச்சனான்” என்று பிறகு என்னிடம் சொன்னார். மூடியில் ‘மட்டன் – சனி’ என்று எழுதிய டேப்பை ஒட்டி, கிடாரத்தை அப்படியே பிரிட்ஜின் கீழ்த் தட்டில் ஏற்றினார்.

பகல் 12 மணிக்குப் பிறகு அதிலிருந்து சூப்புக்கு எடுத்தோம். பதினான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்திருந்தது. சூப் ஆவி வரும்வரை சூடாக்கப்பட்டது, கொதிக்கவில்லை. ஏற்கெனவே கொதித்ததுதானே என்று நினைத்தோம். ஒரு மணிக்குப் பரிமாறினோம். பதினொரு பேர் சூப் குடித்தார்கள். அவர்களில் ஏழு பேருக்கு அன்றிரவு 11 மணியிலிருந்து 2 மணிக்குள் வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும் தொடங்கின. காய்ச்சல் இல்லை, சத்தியும் இல்லை. மறுநாள் மாலைக்குள் எல்லோரும் சரியாகிவிட்டார்கள். அதில் ஒரு வயதான அம்மா மட்டும் சேலைன் ஏற்றிக்கொள்ளப் போக வேண்டியிருந்தது. அவரை நான் வீட்டில் போய்ப் பார்த்தேன். கட்டிலில் எழும்பி இருந்து, “நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைத்தானே தம்பி” என்றார். இந்த ஆய்வை எழுதும்போதெல்லாம் அந்த முகம்தான் நினைவுக்கு வருகிறது.

சூப் குடிக்காத மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. அவர்களும் அதே சோறு, அதே கறிதான் சாப்பிட்டார்கள்.

மீதி ஸ்டொக்கை நாங்கள் ஏற்கெனவே வெளியே ஊற்றிவிட்டோம். ஆகவே ஆய்வுகூடச் சோதனை எதுவும் நடக்கவில்லை, இதுதான் காரணம் என்று முத்திரை குத்திச் சொல்ல என்னிடம் தாள் இல்லை. ஆனால் சாப்பிட்டுப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கழித்துத் தொடங்கியது, சத்தியும் காய்ச்சலும் இல்லாமல் வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும் மட்டும் வந்தது, ஒரே நாளில் விட்டது, பெரிய சட்டியில் மெதுவாக ஆறிய இறைச்சிச் சாறு குடித்தவர்களுக்கு மட்டும் வந்தது என்ற நான்கையும் சேர்த்தால், குளொஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் என்ற பக்டீரியாவின் அடையாளம் அப்படியே வருகிறது.

விசாரிக்க வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்கள் தரையையோ தொப்பியையோ முதலில் பார்க்கவில்லை. “அடுப்பை எத்தனை மணிக்கு நிறுத்தினீங்கள்?” என்று கேட்டார். அந்த இடத்தில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

தண்ணீரை வைத்துச் செய்து பார்த்தது

“நாலு மணித்தியாலம் கொதிச்ச சாமான் எப்பிடி ஐயா பழுதாகும்?” என்று பெரிய சமையல்காரர் கேட்டார். முப்பது வருடம் அடுப்படியில் நிற்கிறவர். நியாயமான கேள்வி. அவருக்கு வாயால் பதில் சொல்வதைவிட, அளந்து காட்டுவது நல்லது என்று பட்டது.

அதே கிடாரத்தில் 24 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அதே மேசையில், அதே மூடியை மூடி வைத்தோம். கூர்முனை வெப்பமானி ஒன்று வாங்கியிருந்தேன். அன்றிரவு நானும் அவரும் சமையலறையிலேயே தங்கினோம். அறை வெப்பம் 29 பாகை. இரண்டு மணித்தியாலம் கழித்துத் தண்ணீர் 79 பாகை, நாலு மணித்தியாலத்தில் 65, ஆறில் 55. எட்டு மணித்தியாலம் முடிந்து விடிந்தபோது, நடுவில் இன்னும் 48 பாகை. கிடாரத்தின் வெளிப்பக்கத்தை அவர் தொட்டுப் பார்த்தார். கை வைக்கக்கூடியதாகத்தான் இருந்தது.

பிறகு அதை அப்படியே பிரிட்ஜில் ஏற்றினோம். ஐந்தரை மணித்தியாலம் கழித்தும் தண்ணீர் 26 பாகைக்குத்தான் வந்திருந்தது. அதற்குள் பிரிட்ஜின் உள்வெப்பம் 4 பாகையிலிருந்து 11 வரை ஏறியிருந்தது. பக்கத்துத் தட்டில் இருந்த பாலும், ஊறவைத்த கோழியும் அந்த வெப்பத்தில்தான் கிடந்தன. தண்ணீருக்கே இந்த நிலை என்றால், மேலே கொழுப்புப் படலம் போர்த்திய ஸ்டொக் இன்னும் மெதுவாகத்தான் ஆறும்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். கொதிக்கும்போது இந்தப் பக்டீரியா செத்துவிடும். ஆனால் அதன் வித்திகள் சாவதில்லை. தேங்காய் ஓட்டுக்குள் முளை இருப்பது போல, வித்தி கெட்டியான உறைக்குள் உயிரை வைத்துக்கொண்டு கொதிநீரைத் தாண்டி வந்துவிடும். கொதித்த சாற்றில் மற்றக் கிருமிகளில் பெரும்பாலானவை இல்லை, கரைந்திருந்த ஒட்சிசனும் வெளியேறிவிட்டது. இந்தப் பக்டீரியா ஒட்சிசன் இல்லாத இடத்தில்தான் வளரும். மூடிய கிடாரத்துக்குள் அதற்கு வேண்டியதெல்லாம் இருக்கிறது. குறைவது ஒன்றுதான், சூடு இறங்க வேண்டும்.

ஏறக்குறைய 50 பாகைக்குக் கீழே வந்ததும் வித்தி முளைத்து வளரத் தொடங்குகிறது. 43 முதல் 47 பாகை வரை அதற்கு மிகப் பிடித்த சூடு. அந்தச் சூட்டில், இறைச்சிச் சாற்றில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, ஒரு மணித்தியாலத்தில் 64. இப்படியே போனால் மூன்று மணித்தியாலத்தில் 262,144. எங்கள் கிடாரம் விடிகாலையில் இந்த வெப்பத்துக்குள் நுழைந்து, பிரிட்ஜுக்குள்ளேயும் மத்தியானம்வரை வளர்ச்சிக்கு ஏற்ற சூட்டிலேயே இருந்திருக்கிறது. நாங்கள் “ஆறிட்டுது” என்று சொன்ன நேரம்தான் அது வளரத் தொடங்கிய நேரம்.

சூப்பை அன்று பகல் நன்றாகக் கொதிக்க வைத்திருந்தால், வளர்ந்த பக்டீரியா செத்திருக்கும். பெர்பிரிஞ்சென்ஸைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் காப்பாற்றியிருக்கும், ஏனென்றால் உயிரோடு வயிற்றுக்குள் போனபிறகுதான் அது நஞ்சை விடுகிறது. ஆனால் இதை ஒரு வழியாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். ஆறும் சாற்றில் கைபட்டு வேறு பக்டீரியா சேர்ந்து நஞ்சை விட்டிருந்தால், அந்த நஞ்சுகளில் சில கொதித்தாலும் அழியாது. இரவு முழுக்கக் கிடந்த ஸ்டொக்கைக் கொதிக்க வைத்துத் தப்பிக்க முடியாது.

இன்னொன்று, அன்று பகல் அந்த ஸ்டொக்கை நான் முகர்ந்து பார்த்தேன், ருசியும் பார்த்தேன். நல்ல மணம், நல்ல ருசி. புளிக்கவில்லை, நுரைக்கவில்லை. மணத்தை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

பழைய தாளின் மூன்று சொற்கள்

‘ஆறிய’, ‘மூடி’, ‘பெயர் எழுதி’. மூன்றும் வீட்டுச் சொற்கள். வீட்டில் ஒரு சின்னச் சட்டி ரசம் வைக்கிறவருக்கு அவை போதும்.

‘ஆறிய’ என்பதற்கு எங்கள் சமையலறையில் நாலு பேரிடம் கேட்டேன், நாலு பதில் வந்தது. ஒருவருக்கு ஆவி நின்றால் ஆறியது. ஒருவருக்கு விரல் வைக்க முடிந்தால். ஒருவருக்குக் கொழுப்பு மேலே படர்ந்தால். இன்னொருவருக்கு, விடிந்தால். ஒன்றிலும் பாகை இல்லை, மணித்தியாலமும் இல்லை. மோசமானது என்னவென்றால், அந்தச் சொல் பொறுத்திருக்கச் சொல்கிறது. ஆறட்டும் என்று விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கச் சொல்கிறது. ஸ்டொக் தானாக ஆறுவதில்லை, நாம்தான் ஆற்ற வேண்டும். புதிய தாளில் ‘ஆறிய’ என்பதை வெட்டி ‘ஆற்றி’ என்று எழுதினேன்.

‘மூடி’ எப்போது என்று தாள் சொல்லவில்லை. சூட்டோடு இறுக்கி மூடினால் ஆவி வெளியேறாது, ஆவியோடு போக வேண்டிய வெப்பமும் உள்ளேயே நிற்கும். மூடாமல் விட்டால் பல்லி, இலையான், கூரைத் தூசி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரிகிற பல்லிதான் வெல்லும்.

‘பெயர் எழுதி’. ‘மட்டன் – சனி’ என்ற லேபல் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. எந்தச் சனி? எத்தனை மணி? அதோடு அது மூடியில் ஒட்டியிருந்தது. எங்களிடம் ஒரே அளவில் ஐந்து மூடிகள் இருக்கின்றன. கழுவும் இடத்தில் அவை மாறிப்போவதை நானே பார்த்திருக்கிறேன். சனிக்கிழமை மூடி செவ்வாய்க்கிழமைச் சட்டிக்குப் போய்விடும்.

புதிய தாள்

இப்போது சுவரில் இருப்பது இதுதான்.

“ஸ்டொக் எலும்பை மதியம் 1 மணிக்கு ஏற்றவும். 5 மணிக்கு அடுப்பை நிறுத்தவும். இரவுச் சமையல் தொடங்கிய பிறகு ஸ்டொக் அடுப்பில் இருக்கக் கூடாது. நிறுத்திய நேரத்தை உடனே டேப்பில் எழுதவும்.

“எலும்பை வடித்து, மேல் கொழுப்பை அள்ளி, ஸ்டொக்கை ஆறு லீற்றர் வீதம் நாலு சில்வர் சட்டிகளில் பிரிக்கவும். கிடாரத்தோடு ஆற வைக்கக் கூடாது. சட்டிகளைத் தொட்டியில் கிணற்றுத் தண்ணீருக்குள் இறக்கவும். வெளித்தண்ணீர் உள்ளே இருக்கும் ஸ்டொக்கின் மட்டத்துக்கு வர வேண்டும், விளிம்பைத் தாண்டக் கூடாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சுத்தமான அகப்பையால் கிளறவும். தண்ணீர் சூடானால் மாற்றவும். 20 நிமிடம் கழித்துத் தண்ணீரை வெளியேற்றி, உடைத்த ஐஸ் பத்துக் கிலோவும் தண்ணீரும் நிரப்பவும். இந்த ஐஸ் சட்டிக்கு வெளியேதான், ஸ்டொக்குக்குள் ஒரு துண்டும் விழக் கூடாது.

“வெப்பமானியைச் சட்டியின் நடுவில் விட்டுப் பார்க்கவும். அடுப்பு நிறுத்திய இரண்டு மணித்தியாலத்துக்குள் 21 பாகைக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் வெளியே ஊற்றிவிடவும், என்னிடம் கேட்கத் தேவையில்லை. வந்தால் ஐந்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு மேற்படாமல் தட்டங்களில் ஊற்றி, பிரிட்ஜின் மேல்தட்டில், தட்டங்களுக்கிடையில் காற்றுப் போக இடம் விட்டு வைக்கவும். பச்சை இறைச்சிக்குக் கீழே வைக்கக் கூடாது. அடுத்த நாலு மணித்தியாலத்துக்குள் 5 பாகைக்கு வர வேண்டும்.

“தொட்டியில் இருக்கும்போது கம்பி வலை மூடி. பிரிட்ஜில் வைக்கும்போது மூடியை ஒரு மூலை திறந்தபடி வைக்கவும். 5 பாகைக்கு வந்த பிறகு இறுக்கி மூடவும்.

“லேபல் தட்டத்தின் பக்கத்தில் ஒட்ட வேண்டும், மூடியில் அல்ல. பழைய ஸ்டொக்கில் புதிய ஸ்டொக்கை ஊற்றக் கூடாது.”

இரண்டு மணித்தியாலத்தில் 21, மொத்தம் ஆறு மணித்தியாலத்தில் 5 என்ற கணக்கு என்னுடையது அல்ல. அமெரிக்க உணவு விதிக்கோவையில் உள்ளது. அங்கே 57 பாகையிலிருந்துதான் நேரத்தை எண்ணத் தொடங்குவார்கள். நாங்கள் அடுப்பு நிறுத்திய நிமிடத்திலிருந்தே எண்ணுகிறோம். 57-ஐ யாராவது பக்கத்தில் நின்று பிடிக்க வேண்டும், அடுப்பு நிறுத்துவதை எல்லோரும் காண்பார்கள்.

முதல் இரண்டு மணித்தியாலத்தில் இவ்வளவு இறுக்கம் ஏன் என்று தம்பி கேட்டார். வேகமாக வளரும் சூடு முழுக்க அந்தப் பகுதிக்குள் இருக்கிறது. 21-க்குக் கீழே வந்தால் வளர்ச்சி மிகவும் மந்தமாகிவிடும், அதனால் மீதியைப் பிரிட்ஜிடம் விடலாம்.

யாழ்ப்பாணத்தில் இதைச் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீரே 28 பாகை. தண்ணீரை எவ்வளவு மாற்றினாலும் அதற்குக் கீழே ஸ்டொக் போகாது. 21 வேண்டுமென்றால் ஐஸ் இல்லாமல் முடியாது. குருநகர்ப் பக்கம் மீன் வியாபாரிகள் வாங்கும் ஐஸ்பார்தான் எங்களுக்கும் கிடைக்கிறது. அது குடிக்கும் ஐஸ் அல்ல, வெளியே மட்டும் என்று தாளில் அழுத்தி எழுதியது அதனால்தான். ஐஸைச் சூடான சட்டிக்கு நேரே போட்டால் பாதி வீண். முதலில் கிணற்றுத் தண்ணீரில் 45 பாகை அளவுக்கு இறக்கிவிட்டு மீதிக்கு மட்டும் ஐஸ் போட்டால், 24 லீற்றருக்குப் பத்துக் கிலோ போதுமாக இருக்கிறது.

முதல் நாள் அளந்தது இது: வடித்துப் பிரித்தபோது 85 பாகை. கிணற்றுத் தண்ணீரில் 20 நிமிடத்தில் 44. ஐஸ் தண்ணீரில் இன்னும் 25 நிமிடத்தில் 19. வடிக்கவும் பிரிக்கவும் எடுத்த நேரத்தைச் சேர்த்து ஒரு மணித்தியாலம் கொஞ்சம் கூட. பெரிய சமையல்காரர் வெப்பமானியை என் கையிலிருந்து வாங்கி, நாலு சட்டியிலும் தானே விட்டுப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து வெப்பமானி அவருடைய சட்டைப் பையில்தான் இருக்கிறது.

லேபல்

புதிய லேபலில் ஆறு விஷயம் எழுத வேண்டும்: என்ன ஸ்டொக், திகதி, அடுப்பு நிறுத்திய நேரம், 21-க்கு வந்த நேரம், 5-க்கு வந்த நேரம், எழுதியவரின் முதலெழுத்து. கீழே பெரிதாக, எப்போது வெளியே ஊற்றிவிட வேண்டும் என்ற நாள். சமைத்த நாளையும் சேர்த்து மூன்று நாள் என்று வைத்திருக்கிறோம். எங்கள் பிரிட்ஜ் ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறபடுகிறது என்பதைப் பார்த்து நான் போட்ட எல்லை அது. அதற்கு மேல் தேவையென்றால் முதல் நாளே டீப் பிரீசருக்குப் போக வேண்டும்.

முதல் வாரம் லேபல்கள் தோல்விதான். ஐஸ் தொட்டியிலிருந்து வந்த ஈரக் கையால் எழுதினார்கள், மை கரைந்தது. ஈரச் சட்டியில் ஒட்டினார்கள், பிரிட்ஜுக்குள் கழன்று விழுந்தது. இப்போது ஸ்டொக் அடுப்பில் இருக்கும்போதே, காய்ந்த கையால் டேப்பில் கோடுகளைப் போட்டுச் சுவரில் ஒட்டி வைத்துவிடுவார்கள். நேரங்களை அங்கேயே நிரப்பி, கடைசியில் துடைத்த தட்டத்துக்கு மாற்றுவார்கள்.

இரண்டாம் வாரம் வேறொன்று கண்ணில் பட்டது. நாலு நாளும் 21-க்கு வந்த நேரம் சரியாக ‘6.30’. அப்படி வராது. தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். இரவு வேலை முடிந்து போகும்போது எல்லாவற்றையும் ஒன்றாக எழுதியதை ஒத்துக்கொண்டார். அவரில் மட்டும் பிழை சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கொத்து ரொட்டிக்கு வெங்காயம் வெட்ட வேண்டியவரும் அவர்தான். ஸ்டொக் உள்ள நாட்களில் 5 முதல் 6.30 வரை அவருக்கு வேறு வேலை கொடுப்பதில்லை என்று ஆக்கினேன். அதற்குப் பிறகு 6.05, 6.12, 6.20 என்று நேரங்கள் மாறி மாறி வரத் தொடங்கின.

போன மாதம் ஒரு மாலை மின்சாரம் போய், ஐஸ் வண்டியும் பிந்தியது. 7 மணிக்கு ஸ்டொக் 31 பாகையில் நின்றது. நான் அன்று கடையில் இல்லை. மறுநாள் காலையில் சுவரில் ஒரு டேப் மட்டும் இருந்தது: ‘மட்டன், 5.00 நிறுத்தினது, 7.00 – 31, ஊற்றினது’, கீழே பெரிய சமையல்காரரின் முதலெழுத்து. 24 லீற்றர். அவர் அதைப் பற்றி என்னிடம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

கொத்து ரொட்டிக் குழம்பு இந்தத் தாளுக்குள் அடங்காது. ஸ்டொக்கைப் போல ஆறு லீற்றர் சட்டியில் ஐஸ் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தோம். தடிப்பான குழம்பு கிளறும்போது மட்டும் இறங்கி, விட்டதும் நடுவில் சூட்டைப் பிடித்துக்கொண்டது. இரண்டு மணித்தியாலம் முடிந்தபோது ஓரம் 18, நடு 33. இப்போது அதை மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் உயராத தட்டங்களில் பரப்பி அளந்துகொண்டிருக்கிறோம். எண்கள் கைக்கு வந்ததும் குழம்புக்குத் தனித் தாள் ஒட்டுவேன்.